ஐந்து நாளும் ஐம்பத்தொரு நாளும்: கொழும்பு மென்பொருள் அணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பம்பலப்பிட்டியில் காலி வீதியை ஒட்டிய கட்டடம் ஒன்றில் வேலை செய்யும் அணி இது. நாலு டெவலப்பர்கள், சோதனைக்கு இரண்டு பேர், ஒரு டீம் லீட். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்கான பில்லிங், ஸ்டொக் மென்பொருளை இவர்கள்தான் பராமரிக்கிறார்கள். கடைக்காரர் ஏதாவது மாற்றம் வேண்டுமென்றால் சப்போர்ட் பிரிவுக்குப் போன் செய்வார். அங்கே அதற்கு ஒரு டிக்கெட், அதாவது வேலைப் பதிவு, திறப்பார்கள். அது வேலைகளின் நிலையைக் காட்டும் அணியின் போர்டுக்கு வந்து, செய்து முடிந்து, அடுத்த ரிலீஸோடு கடைக்குப் போகும்.

காலாண்டுக் கூட்டத்தில் சண்டை வந்தது. சப்போர்ட் பொறுப்பாளர், "கேட்டது கிடைக்க இரண்டு மாதம் ஆகுதென்று கடைக்காரர்கள் ஏசுகிறார்கள்" என்றார். டீம் லீட் தன் போர்டின் அறிக்கையைத் திரையில் காட்டினார்: ஒரு டிக்கெட்டை எடுத்து முடிக்கச் சராசரி ஐந்து நாள். மேலிடத்துக்கு இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. யாரோ ஒருவர் பெரிதுபடுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு டெவலப்பர்களை எடுக்கலாம் என்ற முடிவுக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். அந்த முடிவுக்கு முன்னால் எண்களைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள்.

இருவர் சொன்னதும் சரிதான். டீம் லீட் காட்டியது சைக்கிள் டைம்: ஒருவர் வேலையில் கைவைத்த நேரத்திலிருந்து, அதாவது டிக்கெட் In Progress நிலைக்குப் போனதிலிருந்து Done ஆகும் வரை. சப்போர்ட் பொறுப்பாளர் உணர்ந்தது லீட் டைம்: கடைக்காரர் கேட்ட நாளிலிருந்து, கேட்டது அவர் கடைக் கணினியில் வேலை செய்யும் நாள் வரை. பதின்மூன்று வாரத் தரவை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது அந்தச் சராசரி 51 நாள். ஐந்துக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவில் இருந்த 46 நாட்களில் யாரும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கவில்லை. அணியின் போர்டில் அந்த நாட்களுக்கு ஒரு பத்தியே கிடையாது.

ஒரு டிக்கெட்டின் பயணம்

சராசரியை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது. ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பில்லின் அடியில் வாடிக்கையாளரின் பழைய கடன் பாக்கியும் அச்சாக வேண்டும் என்று கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். மொத்த வியாபாரத்தில் பாதி கடனுக்குத்தான் போகும், அதனால் நியாயமான கேள்வி.

அவர் போன் செய்தது மார்ச் 3. சப்போர்ட் பிரிவுக்கு ஒரு சந்தேகம்: பாக்கி என்றால் இன்றைய பில்லையும் சேர்த்தா, சேர்க்காமலா? அதைக் கேட்டு எழுதி, தேர்வுக்காகக் காத்திருக்கும் வரிசையான பேக்லாக்கில் போட்டபோது மார்ச் 10. முன்னுரிமைக் கூட்டம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். இரண்டு கூட்டங்களில் இந்த டிக்கெட்டுக்கு முறை வரவில்லை. ஏப்ரல் 9 ஆம் திகதிக் கூட்டத்தில் தேர்வானது. அதற்குள் புத்தாண்டு வந்துவிட்டது. பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஏப்ரல் 16 ஆம் திகதி ஒரு டெவலப்பர் கையிலெடுத்தார். 21 ஆம் திகதி சோதனை முடிந்து Done. ரிலீஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதால் 29 ஆம் திகதி வரை நின்றது. கடைக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 30 இரவு.

மொத்தம் 58 நாள். சப்போர்ட் மேசையில் 7, பேக்லாக்கில் 30, தேர்வான பிறகு தொடக்கத்துக்காக 7, வேலையில் 5, ரிலீஸுக்கும் கடைக்குப் போகவும் 9. அந்த ஐந்து நாளிலும் கோட் எழுதியது ஆறு மணித்தியாலம், சோதனை இரண்டு. இடையில் ஏப்ரல் 17 இல் கடைக்காரர் போன் எடுத்து, "தங்கச்சி, ரெண்டு கிழமையில தாறம் எண்டு சொன்னது, நாங்க இன்னும் பேனையாலதானே எழுதுறம்?" என்று கேட்டதும் டிக்கெட்டில் குறிப்பாக இருக்கிறது. அன்று போர்டில் அந்த டிக்கெட்டின் வயது ஒரு நாள்!

நாள் எண்ணுவதில் ஒரு சிறு விஷயம். இந்த அணியின் அறிக்கை வேலை நாட்களை மட்டும் எண்ணும்படி அமைக்கப்பட்டிருந்தது. சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழியும். டீம் லீட் காட்டிய எண்ணையும் சேர்த்து நான் எல்லாவற்றையும் நாட்காட்டி நாளாக மாற்றிவிட்டேன். இந்தக் கட்டுரையில் உள்ளவை எல்லாம் அந்தக் கணக்குத்தான். ஏப்ரல் மாதத்தில் வேலை நாள் கணக்கு மிக அழகாகத் தெரியும், ஆனால் கடைக்காரருக்கு ஒரு மாதம் ஒரு மாதம்தான்.

நிற்பவை எத்தனை?

எல்லா டிக்கெட்டுக்கும் இதே மாதிரிப் பிரித்துப் பார்த்தபோது, சராசரி 51 நாள் இப்படி விழுந்தது: சப்போர்ட் மேசையில் 6, பேக்லாக்கில் 29, தொடக்கத்துக்காக 3, சைக்கிள் டைம் 5, ரிலீஸுக்காகவும் நிறுவலுக்காகவும் 8. பெரிய துண்டு பேக்லாக்.

ஏன் 29 என்பதற்கு லிட்டில் விதி போதும். 1961 இல் ஜோன் லிட்டில் நிரூபித்த இந்த விதி எளியது: ஓர் அமைப்புக்குள் சராசரியாக எத்தனை உருப்படிகள் இருக்கின்றன என்பதை, ஒரு வாரத்தில் எத்தனை வெளியேறுகின்றன என்பதால் வகுத்தால், ஓர் உருப்படி சராசரியாக எத்தனை வாரம் உள்ளே இருக்கும் என்பது வரும். இந்த அணி பதின்மூன்று வாரத்தில் 117 டிக்கெட் முடித்திருந்தது, வாரத்துக்கு 9. பேக்லாக்கில் மட்டும் நின்றவை சராசரி 37. 37 ஐ 9 ஆல் வகுத்தால் நாலு வாரத்துக்குக் கொஞ்சம் மேல், அதாவது 29 நாள். டெவலப்பர் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும், முன்னால் 37 நிற்கும் வரை புதிதாக வருபவர் அந்த 29 நாளைக் காத்துத்தான் ஆகவேண்டும்.

முழு அமைப்புக்கும் இதைச் செய்தபோதுதான் ஒரு விஷயம் இடித்தது. திறந்திருந்த டிக்கெட்டுகள் மொத்தம் 88. 88 ஐ 9 ஆல் வகுத்தால் 68 நாள் வரவேண்டும். அளந்ததோ 51. விதி பொய்யாகாது. உள்ளே வந்தவை எல்லாம் என்றைக்காவது வெளியேறும் என்பது அதன் நிபந்தனை. அப்படியானால் உள்ளே வந்து வெளியேறாதவை சில இருக்க வேண்டும். இந்தத் தேடலில் அவை கிடைத்தன:

```
project = POS AND statusCategory != Done
AND created <= -180d ORDER BY created ASC
```

ஆறு மாதத்துக்கு மேல் பழையவை 23. ஒவ்வொரு முன்னுரிமைக் கூட்டத்திலும் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளியவை, மேலே சொன்ன 37 க்கு வெளியே நின்றவை. அவற்றைக் கழித்தால் 65. 65 ஐ 9 ஆல் வகுத்தால் 51 நாளுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

என் அனுபவத்தில் லீட் டைம் அறிக்கைகளில் மிக ஆபத்தான இடம் இதுதான். லீட் டைம் முடிந்த வேலைகளுக்கு மட்டுமே அளக்கப்படுகிறது. முடியாத வேலை எந்தச் சராசரியிலும் சேராது. ஓர் அணி புதிதாக வருவதை மட்டும் உடனுக்குடன் முடித்துக்கொண்டு, பழையதைத் தொடாமலே இருந்தால், அதன் லீட் டைம் பிரமாதமாக இருக்கும். அதனால் முடிந்தவற்றின் லீட் டைமுக்குப் பக்கத்திலேயே, திறந்திருப்பவற்றின் வயதையும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று தூரம் போகிறதென்றால் எங்கேயோ ஏதோ அழுகுகிறது.

கூடிய எண், குறைந்த எண்

23 பழைய டிக்கெட்டுக்கும் சப்போர்ட் பிரிவு கடைகளுக்குப் போன் செய்தது. பதினைந்து இனித் தேவையில்லை. சிலர் எக்ஸலில் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள், சிலவற்றை வேறொரு டிக்கெட்டிலேயே செய்தாகிவிட்டது, ஒரு கடை மென்பொருளையே மாற்றிவிட்டது. அந்தப் பதினைந்தையும் மூடினார்கள். மீதி எட்டு இன்னும் தேவை. அவற்றை அடுத்த மாதத்தில் முடித்துவிடுவது என்று தீர்மானம்.

முடித்தார்கள். அந்த மாத அறிக்கையில் சராசரி லீட் டைம் 51 இலிருந்து 85 க்குப் போனது. மேலிடத்திலிருந்து உடனே மின்னஞ்சல். கணக்கு எளியது: அந்த மாதம் முடிந்த 39 இல் எட்டின் வயது சராசரி 240 நாள், மீதி 31 இன் சராசரி 45. எட்டுப் பேர் மொத்தச் சராசரியையும் மேலே இழுத்துவிட்டார்கள். நடு மதிப்பைப் பார்த்திருந்தால் பெரிய அசைவு தெரிந்திருக்காது. இதற்காகத்தான் சராசரியை மட்டும் காட்டாமல், பாதி டிக்கெட்டுகள் எத்தனை நாளுக்குள் முடிந்தன, நூற்றில் 85 எத்தனை நாளுக்குள் முடிந்தன என்ற இரண்டையும் காட்டச் சொன்னேன். பழையதைச் சுத்தம் செய்யும் அணியின் லீட் டைம் முதலில் கூடும். அது தெரியாத மேலாளர் அந்த மாதமே சுத்தம் செய்வதை நிறுத்திவிடுவார்.

இங்கே மேலாளர் அதை நிறுத்தவில்லை. பதிலுக்கு, நல்ல எண்ணத்தோடுதான், சைக்கிள் டைமுக்கு இலக்கு வைத்தார்: நாலு நாள். மூன்றே வாரத்தில் சைக்கிள் டைம் மூன்று நாளாகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தொடக்கத்துக்காகக் காத்திருக்கும் நேரம் மூன்றிலிருந்து ஐந்தாகியிருந்தது. இரண்டும் சேர்த்தால் முன்போலவே எட்டு. டெவலப்பர்கள் பாதி வேலையை முடித்துவிட்டுத்தான் டிக்கெட்டை In Progress க்கு நகர்த்தினார்கள். இதைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. அந்த டிக்கெட் எண்ணோடு வந்த முதல் கமிட், அதாவது கோட் மாற்றத்தின் பதிவு, எந்தத் திகதி என்பதையும், நிலை மாறிய திகதியையும் பக்கத்தில் வைத்தால் போதும். கமிட் முந்தியதாக இருந்தால் கடிகாரம் பிந்தித் தொடங்கியிருக்கிறது. இலக்கை நீக்கினார்கள், இரண்டு வாரத்தில் பழையபடி ஐந்து.

லீட் டைமை இப்படி ஏமாற்றுவது கஷ்டம். தொடக்கம் கடைக்காரரின் போன், முடிவு அவருடைய கணினி. இரண்டும் அணியின் கையில் இல்லை. ஆனால் அதே காரணத்தால், லீட் டைமை அணியின் தலையில் கட்டி, "ஏன் குறையவில்லை?" என்று கேட்பதும் அநியாயம். இந்த 51 நாளில் அணி நேரடியாகக் கட்டுப்படுத்துவது எட்டு நாள்தான். மற்றவை முன்னுரிமைக் கூட்டம், ரிலீஸ் கொள்கை, சப்போர்ட் மேசை என்று மேலே எடுத்த முடிவுகள்.

சைக்கிள் டைம் காட்டியது

அப்படியென்றால் ஐந்து நாளைப் பார்க்கவே வேண்டாமா? வேண்டும். அதற்கு லீட் டைம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. முடிந்த ஒவ்வொரு டிக்கெட்டையும் ஒரு புள்ளியாகப் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவை இரண்டு முதல் ஆறு நாளுக்குள் அடர்ந்து கிடந்தன. அதற்கு மேலே, பன்னிரண்டு நாள் தாண்டி, தனித்தனியாகச் சில புள்ளிகள். அவற்றைத் திறந்து படித்தால் அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றுதான்: சோதனையிலிருந்து டெவலப்பருக்குத் திரும்பியவை. திரும்பிய ஒவ்வொன்றும் அச்சு இயந்திரம் சம்பந்தப்பட்டது. அலுவலகத்தில் லேசர் பிரிண்டரில் சரியாக வருவது, கடையில் உள்ள சிறிய ரசீது பிரிண்டரில் தமிழ் எழுத்து உடைந்து வரும். சோதனையாளர்களிடம் அந்த வகைப் பிரிண்டர் ஒன்றுகூட இருக்கவில்லை. ஒன்று வாங்கி டெவலப்பர்களின் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். திரும்பி வருவது பெருமளவு நின்றது.

இன்னொன்று, கோட் ரிவியூ, அதாவது ஒருவர் எழுதிய கோட்டை இன்னொருவர் சரிபார்ப்பது. ஐந்து நாளில் ஒன்றரை நாள் ரிவியூவுக்காகக் காத்திருப்பதிலேயே போனது, ஏனென்றால் டீம் லீட் மட்டும்தான் ரிவியூ செய்தார். அதை நாலு பேருக்கும் பிரித்தார்கள். இவை இரண்டும் லீட் டைமில் ஒரு நாள்கூடச் சரியாகத் தெரியாத சிறு மாற்றங்கள். 51 நாளின் இரைச்சலுக்குள் அமுங்கிவிடும். சைக்கிள் டைமில்தான் பளிச்சென்று தெரிந்தது. அணிக்குள் வேலை எங்கே கைமாறுகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே ஒருவரில் தங்கியிருக்கிறது என்பதெல்லாம் இந்த எண்ணின் வேலை.

குழப்பத்துக்கு மூன்றாவது எண்ணும் ஒன்று இருந்தது. ரிலீஸ் கருவியின் திரையில் "Lead time for changes: 11 days" என்று ஓடிக்கொண்டிருந்தது. மேலிடத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு லீட் டைம் பதினொரு நாள்தானே என்றார். அது கமிட்டிலிருந்து ரிலீஸ் வரையுள்ள நேரம். கடைக்காரர் கேட்டதிலிருந்து அல்ல. ரிலீஸ் முறை ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க நல்ல எண். கடைக்காரருக்குப் பதில் சொல்ல உதவாது.

மாற்றியதும் விளைவும்

இரண்டு டெவலப்பர்களை எடுக்கும் யோசனையை ஒத்திவைத்தார்கள். ஆட்களைக் கூட்டினால் வாரத்துக்கு ஒன்பது என்பது பதினொன்றாகி வரிசை கரையும், அது உண்மை. ஆனால் இரண்டே சோதனையாளர்கள் இருக்கும்போது அந்தப் பதினொன்று வருமா என்பது சந்தேகம். கூட்டமும் ரிலீஸும் தின்னும் நாட்களையும் புதிய ஆட்களால் தொட முடியாது.

பேக்லாக்கில் நின்ற 37 ஐ ஒவ்வொன்றாகப் படித்தபோது மூன்றில் ஒரு பங்கு பில் வடிவம் பற்றியது என்று தெரிந்தது: கடன் பாக்கி காட்டு, போன் நம்பரை மேலே போடு, வாட் பதிவு எண்ணைப் பெரிதாக்கு. ஒவ்வொன்றும் ஒரு நாளுக்குள் முடியும் வேலை, ஆனால் ஒவ்வொன்றும் வரிசையில் ஒரு முழு இடம். ஒரு டெவலப்பர் இரண்டு வாரம் உட்கார்ந்து, பில் வடிவத்தைச் சப்போர்ட் பிரிவே மாற்றக்கூடிய ஒரு திரையைச் செய்தார். அதன்பிறகு அந்த வகைக் கேள்விகள் அணிக்கு வருவதே இல்லை. போன் பேசிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கூடவே, சப்போர்ட் பொறுப்பாளரும் டீம் லீட்டும் காலையில் பதினைந்து நிமிடம் சேர்ந்து புதிய டிக்கெட்டுகளைப் பார்த்தார்கள். முன்னுரிமைக் கூட்டம் வாரா வாரம் ஆனது. ரிலீஸும் அப்படியே. பேக்லாக்கில் இருபதுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று ஓர் எல்லை வைத்தார்கள். இருபது நிரம்பியிருந்தால் புதிதாக ஒன்றைச் சேர்க்க முன், ஒன்றை எடுத்துவிட்டு அந்தக் கடைக்காரரிடம் "இப்போதைக்கு இல்லை, ஐயா" என்று சொல்ல வேண்டும். இதுதான் எல்லோருக்கும் கசந்தது. சப்போர்ட்டில் இருப்பவர்களுக்கு இல்லை என்று சொல்வதைவிடச் சேர்த்துவைப்பது சுலபம்.

அவசர வேலைக்கு மட்டும் தனி வழி. 2024 ஜனவரி 1 இல் வாட் 15 இலிருந்து 18 வீதமானபோது பில்லிங் மென்பொருள் வைத்திருந்த எல்லோருக்கும் அது தள்ளிப்போட முடியாத திகதி. அப்படியானவை வரிசையைத் தாண்டும். ஆனால் அவற்றின் நாட்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும். சேர்த்தால் லீட் டைம் பொய்யாகக் குறையும், அவை முந்தியதால் பின்தள்ளப்பட்டவற்றின் நாட்கள் கூடியதும் மறையும்.

நாலு மாதம் கழித்து எடுத்த எண்கள்: சராசரி லீட் டைம் 28 நாள். சப்போர்ட் மேசையில் 2, பேக்லாக்கில் 14, தொடக்கத்துக்கு 2, வேலையில் 6, ரிலீஸுக்கும் நிறுவலுக்கும் 4. ஆம், சைக்கிள் டைம் ஐந்திலிருந்து ஆறாகிவிட்டது. வாரத்துக்கு முடிவது ஒன்பதிலிருந்து ஏழரை ஆனது. அந்தச் சிறிய டிக்கெட்டுகள் எல்லாம் சப்போர்ட் திரைக்குப் போய்விட்டதால், அணிக்கு மிஞ்சியவை பெரியவை. பழைய அறிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் அணி மெதுவாகி, குறைவாகவும் முடிக்கிறது. கடைக்காரரோ முன்பு காத்திருந்ததில் ஏறக்குறையப் பாதி நாள்தான் காத்திருக்கிறார், பில் வடிவம் என்றால் காத்திருப்பதே இல்லை.

டீம் லீட் அந்த ஆறை விளக்க ஒரு கூட்டம் முழுக்கப் பேசவேண்டியிருந்தது. வடிவ டிக்கெட்டுகளைப் பழைய தரவிலிருந்தும் நீக்கிவிட்டு ஒப்பிட்டார்: அப்படிப் பார்த்தால் முன்பு ஏழு, இப்போது ஆறு. ரிவியூவும் பிரிண்டரும் கொடுத்த பலன் அப்போதுதான் வெளியே வந்தது.

இப்போது சப்போர்ட்டில் திகதி கேட்டால் சராசரியைச் சொல்வதில்லை. பத்தில் எட்டுக்கு மேல் ஆறு வாரத்துக்குள் முடிகிறது என்பதால் ஆறு வாரம் என்கிறார்கள். ரிலீஸுக்கும் நிறுவலுக்கும் போகும் நாலு நாளில் ஒன்று இன்னும் உறுத்துகிறது. மென்பொருள் இரவில்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். புறக்கோட்டையில் கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். புதுப்பிப்பைக் காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு மாற்றலாமா, முதல் பில்லுக்கு முன் மூன்று நிமிடம் திரை நின்றால் கடைக்காரர் பொறுப்பாரா என்பதுதான் அடுத்த வாரக் கூட்டத்தின் விஷயம்.